நுவரெலியாவில் பில்டர் கோப்பி மெல்லிசாகவும் புளிப்பாகவும் இறங்குது, எங்கே கோளாறு?

மாற்றலாகி வந்தவள்:
வெள்ளவத்தையில இருந்தப்ப என் பில்டர் கோப்பியில ஒரு குறையும் இல்ல. வேலை மாற்றலாகி நுவரெலியாவுக்கு வந்த பிறகுதான் இந்தப் பிரச்சினை. அதே எவர்சில்வர் பில்டர், அதே அளவு: குவிச்சு மூணு மேசைக்கரண்டி தூள், அரைக் கப் தண்ணி. டிகாஷன் தேத்தண்ணி நிறத்துல இறங்குது. பால் ஊத்தினா கோப்பி இருக்கிறதே தெரியல. சும்மா குடிச்சுப் பார்த்தா நாக்கு ஓரமெல்லாம் புளிக்குது. இன்னொரு கரண்டி கூடப் போட்டேன், நிறம் ஏறிச்சு, புளிப்பும் கூடவே ஏறிச்சு. தண்ணி கேத்தல்ல கொதிச்ச உடனேதான் ஊத்துறேன். உயரத்தால இப்படி ஆகுமா? யாராவது சொல்லுங்க.

பதுளை ரோட்டுக்காரன்:
உயரம்தான் அக்கா, வேற ஒண்ணுமில்ல. இங்க தண்ணி 100 பாகைக்குப் போகவே போகாது. பருப்பு வேகவே குக்கர் வேணும். கேத்தலைக் கொதிச்சதும் நிப்பாட்டாம, அடுப்புல வச்சு இன்னும் அஞ்சு நிமிஷம் தளதளன்னு கொதிக்க விட்டு ஊத்துங்க. சரியாயிரும்.

பழைய டீமேக்கர்:
தம்பி, காரணத்துல பாதி சரி. வைத்தியம் சரியில்ல. நுவரெலியா கடல் மட்டத்துல இருந்து 1,868 மீற்றர். 300 மீற்றர் ஏற ஏற ஏறத்தாழ ஒரு பாகை குறையும். அதனால அங்க தண்ணி 94 பாகை வாக்குல கொதிக்கும். ஒரு மணி நேரம் கொதிக்க விட்டாலும் அதே 94தான். நெருப்பைக் கூட்டினா ஆவி கூடும், சூடு கூடாது.

ஆனா 94 பாகை கோப்பிக்குக் கெட்ட சூடு இல்ல. தூளைத் தொடும்போது அந்தச் சூடு எவ்வளவு மிஞ்சுதுங்கிறதைத்தான் பார்க்கணும். விடிய நேரம் அலமாரியில குளிர்ந்து கிடக்கிற எவர்சில்வர் பில்டருக்குள்ள அரைக் கப் தண்ணியை ஊத்தினா, அந்த இரும்பும் குளிர்ந்த தூளும் சேர்ந்து பத்துப் பாகைக்கு மேல குடிச்சிரும். உயரத்தால போனது ஆறு பாகை, பாத்திரத்தால போறது அதைவிடக் கூட.

தங்கச்சி, எனக்கு ரெண்டு விஷயம் சொல்லுங்க. ஊத்தினதுல இருந்து டிகாஷன் முழுக்க இறங்கி முடிய எவ்வளவு நேரம்? வெள்ளவத்தையில எவ்வளவு நேரம் எடுத்தது? தூள் அதே தூள்தானா?

ஹட்டன் கடைக்காரர்:
எங்க கடையிலயும் இதே தொல்லைதான். தேத்தண்ணி காலையில நல்லா இருக்கும், பத்து மணியானா கசக்கும். தூளை மாத்தணுமா?

மாற்றலாகி வந்தவள்:
ஐயா, இங்க நாலஞ்சு நிமிஷத்துல இறங்கி முடிஞ்சிரும். அங்க கால் மணித்தியாலம் ஆகும், முகம் கழுவிட்டு வந்தாலும் சொட்டிக்கிட்டேதான் இருக்கும். தூள் வேற. அங்க சிக்கரி கலந்த இந்தியப் பக்கெட். இங்க சந்தைப்பக்கம் ஒரு கடையில வறுத்து அரைச்சுத் தர்ற ஊர்க்கோப்பி, சிக்கரி இல்ல. விரல்ல தேய்ச்சா ரவை மாதிரி இருக்கு.

பழைய டீமேக்கர்:
அதுதான் விஷயம். உயரம் எவ்வளவு இருந்தாலும் டிகாஷனை மூணு மடங்கு வேகமா இறக்காது. வேகத்தை மாத்துறது தூளும் நீங்க அமுக்குற விதமும்தான்.

பில்டர்ல தண்ணி எவ்வளவு நேரம் தூளோட இருக்குங்கிறதை நீங்க கடிகாரம் பார்த்துத் தீர்மானிக்க முடியாது, தூளோட பருமன்தான் தீர்மானிக்கும். ரவை மாதிரி இருந்தா இடுக்கு பெரிசு, தண்ணி ஓடிரும். அதோட ஒவ்வொரு துகளுக்கும் உள்ளே சாறு ஆழத்துல இருக்கு, அது வெளிய வர நேரமும் வேணும். சிக்கரி ஈரத்துல ஊறிப் பிசுபிசுன்னு ஆகி ஓட்டத்தைத் தடுக்கும். சிக்கரி இல்லாத தூள்ல அந்தத் தடையும் இல்ல. நேரமும் போச்சு, பரப்பும் குறைஞ்சுது, அதுமேல குளிர்ந்த பில்டர்.

கோப்பியில முதல்ல கரைஞ்சு வர்றது புளிப்பு. இனிப்பும் கனமும் பிறகு, கசப்பு கடைசியில. உங்களது புளிப்போட நின்னுபோச்சு. தூளைக் கூட்டினா அந்தப் புளிப்பையே கூட்டினதுதான், அதனாலதான் நாலாவது கரண்டி உதவல. சரியா இதுதானான்னு பார்க்க, முதல் டிகாஷன் இறங்கினதும் அதே தூள்ல இன்னொரு அரைக் கப் கொதிதண்ணி ஊத்துங்க. ரெண்டாவதும் நல்ல நிறத்துல, மணமா வந்தா முதல் தண்ணி சாற்றை விட்டுட்டுப் போயிருக்குன்னு அர்த்தம்.

செய்ய வேண்டியது: அதே கடையில இன்னும் நைசா அரைச்சுத் தரச் சொல்லுங்க, மேசை உப்பைவிடக் கொஞ்சம் மெல்லிசா. மாவாக்க விட்டிராதீங்க. பில்டர் ரெண்டு தட்டையும் கொதிதண்ணி ஊத்தி, சுடச்சுட ஆன பிறகு தண்ணியைக் கொட்டித் துடைச்சுட்டுத் தூளைப் போடுங்க. குடையை மட்டமா லேசா அமுக்குங்க. கேத்தல் கொதிச்ச கணமே ஊத்தி மூடுங்க. தூளைக் கூட்ட வேணாம், பழைய மூணு கரண்டியே போதும்.

ஹட்டன் அண்ணே, உங்க விஷயம் இதுக்கு நேர் எதிர். உங்க தூள் டஸ்ட்டா?

ஹட்டன் கடைக்காரர்:
டஸ்ட்தான். ஜாடியில கொதிதண்ணி ஊத்தித் தூளோடயே வச்சிருக்கோம், சாயம் குறையக் குறையத் தண்ணி சேர்ப்போம்.

பழைய டீமேக்கர்:
அதுதான் கசக்குது. டஸ்ட் பொடியா இருக்கிறதால ரெண்டு மூணு நிமிஷத்துல நிறமும் கனமும் இறங்கிரும். பிறகு வர்றது துவர்ப்பும் கசப்பும்தான். பெரிய இலையான ஓ.பி.யை அப்படி வச்சா இவ்வளவு சீக்கிரம் கெடாது. நாங்க இஸ்டோர்ல சாயம் பார்க்கிறப்ப சின்னச் சட்டிக்கு 2.8 கிராம் தூள், மூடி ஆறு நிமிஷம். அது குறையைத் தேடிப் பிடிக்கிற அளவு, குடிக்கிற அளவு இல்ல. நீங்க தூளைக் கூட்டி, மூணு நிமிஷத்துல வடிச்சு, சாயத்தை மட்டும் பிளாஸ்க்ல வைங்க. தூளை மாத்த வேணாம்.

பதுளை ரோட்டுக்காரன்:
ஐயா, டிகாஷனை இறங்கின பிறகு அடுப்புல வச்சுக் காய்ச்சினா என்ன? எங்க அம்மம்மா அப்படித்தான் செய்வாங்க, திடமா இருக்கும்.

பழைய டீமேக்கர்:
தண்ணி வத்தும், அதனால திடம் தெரியும். தூள்ல தங்கின சாறு அடுப்புல வராது, டிகாஷன்ல இருந்த மணமும் ஆவியோட போயிரும்.

மாற்றலாகி வந்தவள்:
செஞ்சு பார்த்தேன் ஐயா. ரெண்டாவது தண்ணி முதல் தண்ணி அளவுக்கே கறுப்பா வந்துச்சு, நீங்க சொன்னது சரி. நைசா அரைச்ச தூளை முதல்ல அழுத்தமா அமுக்கிட்டேன், சொட்டவே மாட்டேன்னு நின்னுச்சு. திறந்து பார்த்தா நடுவுல தூள் காய்ஞ்சு கிடக்கு, ஓரத்துல மட்டும் நனைஞ்சிருக்கு. மறுபடி லேசா வச்சேன். பன்னிரண்டு நிமிஷம் ஆச்சு, டிகாஷன் கரண்டியில ஒட்டுற மாதிரி. பால்ல நிறம் நிக்குது. ஆனா லேசா ஒரு புளிப்பு இன்னும் இருக்கு.

பதுளை ரோட்டுக்காரன்:
அந்த மிச்சப் புளிப்பு உயரத்தோடதுதான். நான் முதல்லயே சொன்னேன்.

பழைய டீமேக்கர்:
இருக்கலாம் தம்பி. கொட்டையோடதாவும் இருக்கலாம், குறைச்சலா வறுத்த அரபிக்காவுக்கு இயல்பாவே ஒரு புளிப்பு உண்டு. தங்கச்சி, பில்டரை விட்டுட்டுச் சோதிங்க. சூடாக்கின ரெண்டு கோப்பையில ஒரே அளவு தூள், ஒரே அளவு கொதிதண்ணி ஊத்தி, துணி சுத்தி மூடி வைங்க. ஒண்ணை நாலு நிமிஷத்துல வடிங்க, மத்ததை எட்டு நிமிஷத்துல. எட்டு நிமிஷக் கோப்பையில கசப்பு தலைகாட்டியும் புளிப்பு அப்படியே இருந்தா, அது கொட்டையும் வறுவலும். கடைக்காரர்கிட்ட இன்னும் கொஞ்சம் கறுக்க வறுத்துத் தரச் சொல்லுங்க. எட்டுல புளிப்பு அடங்கினா, இன்னும் ஒரு படி நைசா அரைக்க இடமிருக்கு.