தமனி சிரையைக் கடக்கும் இடத்தில் தெரியும் மாற்றம்: என்ன சொல் வைக்கலாம்?

எழில் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். விழித்திரையைப் படம் எடுத்து முதல்கட்டமாகப் பார்த்துத் தரும் பணியாளர்களுக்கான கையேடு ஒன்றை வெள்ளிக்கிழமைக்குள் முடித்துக் கொடுக்க வேண்டும். 40 பக்கத்தில் 38 முடிந்துவிட்டது. ரத்தக்கொதிப்பு பற்றிய 2 பக்கத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். அதில் மூன்று விஷயம் வருகிறது. தமனிகள் நெடுக ஒல்லியாகத் தெரிவது ஒன்று, ஓரிடத்தில் மட்டும் ஒல்லியாவது இன்னொன்று, மூன்றாவது தமனி சிரையைக் கடக்கிற இடத்தில் சிரை கிள்ளிவிட்டது போலத் தெரிவது. இந்த மூன்றாவதைத்தான் எல்லோரும் 'ஏவி நிக்கிங்' என்கிறார்கள்.

முதல் இரண்டுக்கும் 'சுருக்கம்' என்றும் மூன்றாவதுக்கு 'குறுக்குவெட்டு நசுக்கம்' என்றும் எழுதி வகுப்பில் கொடுத்துப் பார்த்தேன். ரத்தக்குழாயை வெட்டிப் பார்த்தால்தான் இது தெரியுமா என்று ஒருவர் கேட்டார். சொல் தவறு, அவர் கேள்வி சரி. வேறு சொல் சொல்லுங்கள்.

பிரபாகர் எழுதியது:

இதில் குழப்பமே இல்லை எழில். தமனி மேலே, சிரை கீழே. வருடக்கணக்கில் அழுத்தம் கூடுதலாக இருந்தால் தமனியின் சுவர் தடித்துக் கெட்டியாகி, கீழே கிடக்கும் மெல்லிய சிரையை அமுக்குகிறது. 'சிரை அமுக்கம்' என்று போடுங்கள், முடிந்தது. நான் எழுதும் நிரலிலும் இதைத்தான் அளக்கிறோம், கடக்கும் இடத்தை நெருங்க நெருங்கச் சிரையின் அகலம் எவ்வளவு குறைகிறது என்று.

தணிகாசலம் எழுதியது:

தம்பி பிரபாகர், அமுங்கு என்பது தன்வினை, அமுக்கு என்பது பிறவினை. 'அமுக்கம்' என்று சொன்ன உடனே அமுக்கியது ஒன்று உண்டு என்று சாட்சி சொல்லிவிடுகிறோம். அதை நேரில் கண்டவர்கள் இருந்தால் மட்டுமே அந்தச் சொல் நிற்கும்.

முதல் இரண்டுக்கும் நம் இலக்கணத்திலேயே சொல் இருக்கிறது, குறுக்கம். ஐகாரக் குறுக்கத்தை நினைத்துப் பாருங்கள். 'தலைவன்' என்பதில் லை தன் இரண்டு மாத்திரையை விட்டு ஒன்றாக ஒலிக்கிறது. எழுத்து அதுவே, இடமும் அதுவே, அளவு மட்டும் குறைந்தது. தமனிக்கு நேர்வதும் அதுதானே? மகரக் குறுக்கம் கால் மாத்திரை வரை இறங்கும், ஆக அளவின் படிநிலையும் நம்மிடம் உண்டு. ஆனால் குறு என்ற வேரிலிருந்தே 'குறுக்கே' என்பதும் வருவதால், கடக்கும் இடத்துக்கும் ஒல்லியாவதற்கும் ஒரே வேர் அமைந்துவிடும். எழிலுக்கு வந்த குழப்பத்தின் மூலமே அது.

இன்னொன்று. தமனி, சிரை இரண்டும் வடசொல். செங்குழல், கருங்குழல் என்றால் என்ன குறை? படத்திலும் அப்படித்தானே தெரிகின்றன?

நிமலன் எழுதியது:

ஐயா, இலங்கைப் பாடநூல்களில் நாங்கள் நாடி, நாளம் என்றுதான் படித்தோம். ஆனால் இந்தக் கையேட்டுக்குத் தமனி, சிரை என்றே இருக்கட்டும், அதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. கடக்கும் இடத்துக்கு மட்டும் 'கடவை' என்று வையுங்கோ. சாலையைக் கடக்கும் இடத்துக்கு நாங்கள் அன்றாடம் பாவிக்கிற சொல். வெட்டும் இல்லை, குறுக்கும் இல்லை.

வசந்தா எழுதியது:

நான் இந்தக் குழுவில் அதிகம் எழுதுவதில்லை. போன மாதம் எனக்கு எடுத்த கண் படத்தின் அறிக்கையில் 'இரு கண்களிலும் ஏவி நிக்கிங்' என்று இருந்தது. வயது 61. கண்ணில் ஏதோ நசுங்கிவிட்டது, பார்வை போய்விடும் என்று நினைத்து இரண்டு ராத்திரி தூங்கவில்லை. எழிலின் 'நசுக்கம்' என்ற சொல்லைப் பார்த்ததும் மறுபடி அதே பயம். இது மாத்திரை சாப்பிட்டால் சரியாகுமா?

சுகந்தி எழுதியது:

வசந்தா அக்கா, முதலில் உங்களுக்கு. இது மட்டும் இருந்தால் பார்வை குறையாது. வயதானவர்களுக்கு அழுத்தம் கூடாமலேயே கொஞ்சம் வரவும் செய்யும். ஆனால் சிரையின் கிளை அடைபடுவது பெரும்பாலும் இப்படிக் கடக்கும் இடங்களில்தான், அதனால் உங்கள் அழுத்தத்தை வேறுவேறு நாளில் சரியாக அளந்து பார்க்கச் சொல்லுங்கள். ஒரு கண்ணில் திடீரென ஒரு பகுதி மங்கினால் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள். மாத்திரை சாப்பிடுவதால் இந்தத் தடம் பெரும்பாலும் அழியாது. அது அழியவில்லை என்பதால் மாத்திரை வேலை செய்யவில்லை என்று நினைத்துவிடாதீர்கள், மேற்கொண்டு கெடாமல் இருக்கத்தான் மாத்திரை.

பிரபாகர், நீங்கள் சொன்னதில் பாதி சரி. சுவர் தடிக்கிறது, அது உண்மை. ஆனால் படத்தில் நாம் ரத்தக்குழாயைப் பார்ப்பதில்லை, உள்ளே ஓடும் ரத்தத்தின் பட்டையை மட்டும்தான் பார்க்கிறோம். நல்ல சுவர் கண்ணாடி மாதிரி, ஊடே பார்த்தால் கீழே போகும் சிரை தெரியும். கடக்கும் இடத்தில் இரண்டுக்கும் வெளியுறை ஒன்றுதான். தமனிச் சுவரும் அந்த உறையும் தடித்து மங்கினால், அடியில் இருக்கிற சிரை மறைந்துபோகிறது, இரண்டு பக்கமும் கூராகித் தேய்ந்த மாதிரி தெரிகிறது. திசுவை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தவர்கள், படத்தில் நசுங்கியதாகத் தெரிந்த சில இடங்களில் சிரை உண்மையில் நசுங்கவே இல்லை என்று எழுதியிருக்கிறார்கள். சில இடங்களில் உண்மையாகவே ஒடுங்கியும் இருக்கும். படத்தை மட்டும் வைத்து எது என்று சொல்ல முடியாது. தணிகாசலம் ஐயா பிறவினை வேண்டாம் என்றது இதனால்தான் எனக்குப் பிடித்தது. செங்குழல், கருங்குழல் மட்டும் வேண்டாம் ஐயா. விழித்திரையில் பொருந்தும், ஆனால் நுரையீரலுக்குப் போகும் தமனியில் ஓடுவது கரிய ரத்தம்.

சொல் எதற்காக என்பது ஒரு படத்தை வைத்துப் பேசினால் தெளிவாகும். 56 வயதுக்காரர், கண்ணாடி மாற்ற வந்தவர். அன்று அழுத்தம் 128/82, தனக்கு பிபி எதுவும் இல்லை என்றார். படத்தில் தமனியின் அகலம் சிரையில் பாதிதான் இருந்தது, சாதாரணமாக மூன்றில் இரண்டு பங்காவது இருக்கும். மேல் வெளிப்பக்கக் கிளையில் இரண்டு இடத்திலும் கீழ்க்கிளையில் ஓரிடத்திலும் சிரை தேய்ந்து மறைந்து மறுபக்கம் வந்தது. ரத்தக்கசிவு இல்லை, பஞ்சுப்பொட்டு இல்லை. மெதுவாகக் கேட்டபோது, 8 ஆண்டுக்கு முன்பே மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள், நான்கைந்து ஆண்டு போடாமல் விட்டேன், இப்போது ஒழுங்காகப் போடுகிறேன், அழுத்தம் சரியாகிவிட்டதால் இல்லை என்று சொன்னேன் என்றார். சிறுநீரில் புரதம், இதயத்தின் ஈசிஜி இரண்டையும் பார்க்க எழுதி அனுப்பினேன். அன்றைக்கு அளந்த எண்ணில் இல்லாத பழைய ஆண்டுகள் படத்தில் இருந்தன.

இதற்கு நேரெதிராக, 34 வயதில் 210/130 உடன் வந்த ஒருவரின் படத்தில் பார்வை நரம்பு தொடங்கும் வட்டைச் சுற்றித் தீக்கொழுந்து போன்ற கசிவுகள், பஞ்சுப்பொட்டுகள், ஓரிடத்தில் மட்டும் ஒல்லியான தமனி. கடக்கும் இடங்களோ சுத்தமாக இருந்தன. இவை இப்போதைய அழுத்தத்தின் அடையாளங்கள். அழுத்தம் அடங்கினால் கசிவும் பொட்டும் சில வாரங்களில், சில மாதங்களில் மறைந்துவிடும். அமெரிக்காவில் நடந்த ஏஆர்ஐசி ஆய்விலும் 1999இல் இதுதான் வந்தது. நெடுக ஒல்லியாவதும் கடக்கும் இட மாற்றமும் 3 முதல் 6 ஆண்டுகளுக்கு முன்பு அளந்த அழுத்தத்தோடு தொடர்பு காட்டின, ஓரிடத்தில் ஒல்லியாவது அன்றைய அழுத்தத்தோடு மட்டும்தான். அதனால் எழில், முதல் இரண்டுக்கும் ஒரே 'சுருக்கம்' என்று போட்டால் படிப்பவருக்கு இந்தக் காலக்கணக்கே போய்விடும்.

எழில் எழுதியது:

இப்போதுதான் எனக்கே புரிகிறது அக்கா. அப்படியானால் நெடுகப் போவதற்குக் 'குறுகல்', ஓரிடத்தில் வருவதற்குச் 'சுருக்கம்' என்று பிரிக்கலாமா? சுருங்கியது விரியும், குறுகியது அப்படியே நிற்கும் என்ற தொனி இருக்கிறது. மூன்றாவதற்கு, தன்வினையாகச் 'சிரை ஒடுங்கல்'.

தணிகாசலம் எழுதியது:

ஒடுங்கு என்பதில் அடங்குதல், மறைதல் என்ற பொருளும் உண்டு. யாமை ஓட்டுக்குள் ஒடுங்கியது என்கிறோம், நசுங்கியது என்று யாரும் எண்ணுவதில்லை. ஒடுங்கியதா மறைந்ததா என்று தெரியாத இடத்துக்கு இரண்டையும் தாங்கும் சொல் இதுவே. நான் ஒப்புகிறேன். தமனி என்ற வடசொல்லை மட்டும் ஒப்பவில்லை, அதைப் பதிவு செய்கிறேன்.

பிரபாகர் எழுதியது:

மறைவதை என் நிரலும் அகலக் குறைவு என்றுதான் கணக்கிடும், ஆகவே ஒடுங்கல் எனக்கும் பொருந்துகிறது. பணியாளர்களுக்கு வட்டின் ஓரத்தை ஒட்டிய கடப்புகளையும் பார்க்கச் சொல்வீர்களா?

சுகந்தி எழுதியது:

வேண்டாம். வட்டை ஒட்டிய இடத்தில் குழாய்கள் நெருக்கியடித்துப் போகின்றன, அங்கே எல்லாமே ஒடுங்கின மாதிரி இருக்கும். வட்டின் ஒரு விட்ட அளவுக்கு வெளியே தள்ளிப் பாருங்கள். தமனி மேலே போகிறதா என்றும் பாருங்கள், சில இடங்களில் சிரைதான் மேலே போகும். படம் மங்கலாக இருந்தாலோ கண்புரை இருந்தாலோ 'பார்க்க இயலவில்லை' என்று எழுதட்டும், 'இல்லை' என்று எழுதக் கூடாது. ஒரே ஒரு இடத்தை வைத்து எதையும் முடிவு செய்யவும் கூடாது.

எழில், குறுகல்-சுருக்கம் பிரிவில் எனக்கு முழுத் திருப்தி இல்லை. இளம் வயதில் தமனிகள் நெடுகவே இறுகிச் சுருங்கி நிற்பதும் உண்டு, அது திரும்ப விரியும். வினைச்சொல்லின் தொனியை நம்பிக் காலக்கணக்கை அதன் தலையில் ஏற்றாதீர்கள். கீழே ஒரு வரி தனியாக எழுதுங்கள்.

வசந்தா எழுதியது:

'ஒடுங்கல்' என்று அறிக்கையில் வந்திருந்தால் நான் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன். நேற்று அளந்தேன், 148/90. நாளை மறுபடி அளக்கிறேன்.

எழில் எழுதியது:

சரி, இப்படிப் போடுகிறேன்: 'தமனிகளின் நெடுகக் குறுகல்', 'தமனியின் ஓரிடச் சுருக்கம்', 'சந்திப்பில் சிரை ஒடுங்கல்'. சுகந்தி அக்கா சொன்ன வரி கீழே வரும். 'கடவை'யை வகுப்பில் சொல்லிப் பார்த்தேன், பலர் கடவுச்சொல், கடவுச்சீட்டு என்று வேறு பக்கம் போய்விட்டார்கள். அதனால் 'சந்திப்பு'. பெரும்பான்மை இதற்குத்தான்.

நிமலன் எழுதியது:

கையேட்டுக்காக விட்டுக்கொடுக்கிறேன், சம்மதம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சந்திப்பு என்றால் இரண்டும் ஒன்றோடொன்று சேர்கிறது என்று படிப்பவர் நினைப்பார், ரத்தம் இங்கே கலக்கிறது என்றும் நினைப்பார். அங்கே எதுவும் சேரவில்லை, ஒன்று மற்றதன் மேலால் கடந்து போகிறது. அடுத்த பதிப்பு வரும்போது இதைத் திரும்பக் கேட்பேன்.