ஷிஃப்ட் மாறும்போது ஓவர்லாப் எவ்வளவு வைக்கலாம்? நாளைக்குள் சொல்ல வேண்டும்

பொருநை78: வணக்கம். எங்கள் பிளாண்டில் ஓவர்லாப் கிடையாது, அடுத்த ஆள் வந்ததும் இருக்கிற ஆள் கிளம்பிவிடுவார். போன வாரம் ஒரு பிரச்சினை ஆகிவிட்டது, அதனால் மேனேஜர் ஒரு நேரம் முடிவு செய்யச் சொல்கிறார். 15 நிமிடம் போதுமா, 30 வேண்டுமா?

கொடிவேரி: என்ன பிளாண்ட்? 8 மணி ஷிஃப்டா 12 மணியா? எத்தனை பேர்? பிரச்சினை என்ன என்று சொல்லாமல் எப்படிப் பதில் சொல்வது?

வார்டு_அக்கா: நான் ஐசியூ நர்ஸ். எங்களுக்கு அரை மணி. ஒவ்வொரு பெட் பக்கத்திலும் இரண்டு பேரும் நின்று, இன்ஃப்யூஷன் பம்பில் ஓடுகிற அளவை ஆர்டரோடு சேர்த்துப் பார்த்த பிறகுதான் பழைய ஆள் போகலாம். நீங்களும் அரை மணியே வையுங்கள் தம்பி.

பழைய_இன்சார்ஜ்: இதெல்லாம் இங்கே எத்தனையோ தடவை பேசியாகிவிட்டது, தேடிப் பார்த்துவிட்டுக் கேட்கப் பழகுங்கள். லாக்புக்கை ஒழுங்காக எழுதினால் ஓவர்லாப்பே தேவையில்லை. இப்போது வருகிற பசங்களுக்கு எழுதவும் தெரியவில்லை, படிக்கவும் பொறுமையில்லை.

பொருநை78: சால்வென்ட் ரெகவரி பிளாண்ட், இரண்டு டிஸ்டிலேஷன் டவர். 8 மணி ஷிஃப்ட். 6, 2, 10 மணிக்கு மாறும். பேனலில் ஒருவர், ஃபீல்டில் இரண்டு பேர். நைட் ஷிஃப்டில் ரிசீவர் டேங்க் லெவல் சென்சார் தப்பாகக் காட்டுகிறது என்று டேங்க் நிரம்பினால் தானாக நிறுத்துகிற ஹை லெவல் ட்ரிப்பை பைபாஸ் செய்திருக்கிறார்கள். காலையில் வந்தவருக்கு அது தெரியாது, டேங்க் வழிந்துவிட்டது. டேங்கைச் சுற்றியுள்ள டைக் சுவருக்குள்ளேயே நின்றதால் தப்பித்தோம்.

கொடிவேரி: லாக்புக்கில் அந்த பைபாஸ் இருந்ததா?

பொருநை78: இருந்தது. நைட் 11 மணிக்கு எழுதியது, அதற்குக் கீழே ஒரு பக்கம் முழுக்க ரீடிங்.

கொடிவேரி: அப்படியென்றால் எழுதினால் மட்டும் போதாது என்பதற்கு உங்கள் டேங்க்தான் சாட்சி. 1988 ஜூலையில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடையிலும் இதே கதைதான். ஒரு பம்பின் சேஃப்டி வால்வைக் கழற்றியிருந்த விஷயம் இரவு ஷிஃப்டுக்குப் போய்ச் சேரவில்லை. ஓடிக்கொண்டிருந்த பம்ப் நின்றதும் இந்தப் பம்பை ஓட்டினார்கள், 167 பேர் இறந்தார்கள்.

15-ஆ 30-ஆ என்று இப்போதே முடிவு செய்யாதீர்கள். வருகிறவர் முதலில் தனியாக லாக்புக்கைப் படிக்கட்டும், 5 நிமிடம். அப்புறம் பேனல் முன்னால் பேச்சு: எது பைபாஸில் இருக்கிறது, எந்த பர்மிட் திறந்திருக்கிறது, எந்த அலாரத்தை அடக்கியிருக்கிறார்கள், எது வழக்கத்துக்கு மாறாக ஓடுகிறது. இது 8 முதல் 10 நிமிடம். ஃபீல்டு ஆட்கள் அதே நேரத்தில் ஜோடியாக ஒரு சுற்று வரலாம். எல்லாம் சேர்த்து 20 நிமிடம் வரும். ஆனால் இந்த 20 பேனல் முன்னால் கிடைக்க வேண்டும், கேட்டில் பஞ்ச் அடித்ததிலிருந்து இல்லை. உடை மாற்றி, நடந்து வருவதற்குள் 15 நிமிடத்தில் பாதி போய்விடும்.

ஸ்டார்ட்அப் அன்றைக்கும் லீவு முடிந்து ஒருவர் திரும்பும் நாளுக்கும் இது போதாது. அன்றைக்கு நேரம் பார்க்காமல், வாங்குகிறவர் சரி என்று சொன்ன பிறகுதான் போக வேண்டும்.

நெசவாலை_மாரி: முதலில் சட்டத்தைப் பாருங்கள். 1948 தொழிற்சாலைகள் சட்டம் 58-ஆம் பிரிவு ஒரே வேலையில் ஒரே நேரத்தில் இரண்டு ஷிஃப்ட் ஆட்கள் இருக்கக் கூடாது என்றது. அதற்குப் பதிலாக வந்த 2020 தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அந்தத் தடை இருக்கிறது. விலக்கு வாங்காமல் செய்யாதீர்கள். மில்லில் நாங்கள் ஓவர்லாப் வைப்பதே இல்லை.

கொடிவேரி: ஸ்பின்னிங் ஃபிரேமில் நூல் அறுந்திருந்தால் கண்ணுக்குத் தெரியும், பைபாஸ் தெரியாது. விலக்கு வாங்க வேண்டும் என்பது சரிதான்.

தொழிற்சங்கம்_ராசு: காசு யார் கொடுப்பது? 8 மணி, 6 நாள், அங்கேயே 48 ஆகிவிட்டது. தினம் அரை மணி என்றால் வாரம் 3 மணி ஓவர்டைம், இரட்டைச் சம்பளம்.

பழைய_இன்சார்ஜ்: சாப்பாட்டு அரை மணியைக் கழித்தால் 48-ஐத் தாண்டாது.

தொழிற்சங்கம்_ராசு: பேனலை விட்டு எழ முடியாமல் டப்பாவைத் திறந்துவைத்து அலாரத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறவனுக்கு அது இடைவேளையா? நீங்கள் இன்சார்ஜாக இருந்தபோதும் இப்படித்தான் கழித்தீர்களா?

பழைய_இன்சார்ஜ்: தனிப்பட்ட தாக்குதல் வேண்டாம்.

வார்டு_அக்கா: எங்களுக்கும் அந்த அரை மணிக்குக் காசு கிடையாது. இவ்வளவு நாள் யாரும் கேட்கவே இல்லையே.

பொருநை78: இன்று 2 மணி மாற்றத்தில் நேரம் பார்த்தேன். பேசியது 9 நிமிடம், ஃபீல்டு சுற்று 12. கேட்டிலிருந்து பேனலுக்கு வரவே 10 ஆகிறது. பஞ்ச்சிலிருந்து 30 என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். ஓவர்டைம் பற்றி எச்ஆர் இன்னும் வாய் திறக்கவில்லை. எல்லோருக்கும் நன்றி.

கொடிவேரி: படிக்கிற 5 நிமிடத்தையும் சேர்த்தீர்களா? 10 மணி மாற்றத்தையும் ஒருமுறை பாருங்கள், கம்பெனி பஸ் காத்திருந்தால் அந்த 9 நிமிடம் 3 ஆகிவிடும்.