தஞ்சாவூர் ஓவியத் தோற்றம்: சட்டத்தின் தங்கம் ஒரு மூலையில் மேடாகவும் எதிர்மூலையில் குழியாகவும் தெரிகிறது

கேள்வி (நாகர்கோவில்)

வணக்கம். கிருஷ்ண ஜெயந்தியன்று கண்ணன் வேடமிட்ட அக்கா மகனைத் திண்ணையில் நிறுத்தி எடுத்த புகைப்படத்தைத் தஞ்சாவூர் ஓவியம் போல மாற்றி, ஏ3 அளவில் அச்சிட்டு, அக்கா வீட்டுப் பால்காய்ச்சுக்குக் கொடுக்க விரும்புகிறேன். ஜிம்ப் மென்பொருளில் செய்து வருகிறேன். சட்டத்துக்கான கொடி வேலைப்பாட்டை ஒரு மூலைக்கு மட்டும் வரைந்து, Bump Map கொடுத்துப் புடைக்கச் செய்து, அதையே திருப்பி மற்ற மூன்று மூலைகளிலும் வைத்தேன். மேல் இடது மூலை எழும்பி நிற்கிறது. கீழ் வலது மூலையோ உளியால் குடைந்தது போல் உள்ளே போய்விட்டது. தங்கமும் கடுகு அரைத்துப் பூசியது போலவே இருக்கிறது. முகத்தைத் தட்டையாக்க Posterize பயன்படுத்தினால், வெயில் படாத கன்னத்தில் திட்டுத் திட்டாகக் கறை விழுகிறது. எங்கே தவறுகிறது?

மறுமொழி (மார்த்தாண்டம்)

Bump Map அமைப்பில் Depth அதிகமாக இருக்கும். குறைத்தால் குழி மறைந்துவிடும். தங்கத்துக்கு ஒரே மஞ்சளை நிரப்பாமல், உண்மையான தங்கத் தகட்டின் புகைப்படத்தை மேலே படியவிட்டுப் பாருங்கள். முகத்துக்கு Posterize நிலைகளைக் கூட்டினால் போதும்.

மறுமொழி (தக்கலை)

நம் பத்மநாபபுரம் அரண்மனையின் மேல்மாடச் சுவரோவியங்களில் தங்க ரேக்கே கிடையாது. காவிச் சிவப்பும் மஞ்சளும் பச்சையுமே அத்தனை அழகைத் தருகின்றன. நான் என் மகளின் நடனப் புகைப்படத்தை அந்தப் பாணியில்தான் செய்தேன். நீங்களும் தங்கத்தை விட்டுவிடலாமே.

மறுமொழி (சுசீந்திரம்)

தக்கலை அன்பர் சொல்வது கேரளச் சுவரோவிய மரபு. அதுவும் அழகுதான், ஆனால் கேட்கப்பட்டது வேறு. தஞ்சாவூர் ஓவியத்தில் பலகைமேல் ஒட்டிய துணியில் சுக்கான் பொடியையும் கோந்தையும் குழைத்து மேடு எழுப்பி, அதன்மேல் தங்க ரேக்கு ஒட்டுகிறார்கள். ஆகவே அந்தத் தங்கம் வெறும் நிறமன்று. வெளிச்சம் விழும் மேடு.

உங்கள் குழிக்குக் காரணம் Depth அன்று. Azimuth 135 என்றால் ஒளி மேல் இடப்புறத்திலிருந்து வருகிறது. புடைக்கவைத்த மூலையைத் திருப்பும்போது அதன் ஒளிக்கோடும் நிழலும் சேர்ந்தே திரும்பிவிடுகின்றன. கீழிருந்து வெளிச்சம் பட்ட மேட்டை நம் கண் குழி என்றே எடுத்துக்கொள்கிறது. Depth குறைத்தால் குழி ஆழம் குறையுமே தவிர, மேடாகாது. ஆகவே கருப்பு வெள்ளை நிலையிலேயே நான்கு மூலைகள், தூண், வளைவு எல்லாவற்றையும் ஒரே அடுக்கில் சேர்த்துவிடுங்கள். 300 டிபிஐ ஏ3 படமானால் அந்த அடுக்கை ஆறேழு பிக்சல் அளவுக்கு மங்கலாக்குங்கள். இல்லாவிட்டால் மேட்டின் விளிம்பு தகரம் வெட்டியது போல் நிற்கும். பிறகு நடுச்சாம்பல் நிற அடுக்கு ஒன்றில், இதை உயர வரைபடமாகக் கொடுத்து Bump Map-ஐ ஒரே ஒருமுறை செலுத்துங்கள். Compensate for darkening குறியிட்டிருக்கட்டும்.

நிறம் கடைசியில்தான். Gradient Map வழியாக, நிழலுக்கு #3B1F08, அதற்கு மேல் #8A5A14, சமதளத்துக்கு #D4A437, ஒளி முனைக்கு மட்டும் #FFF3C4 என்று கொடுங்கள். கரும்பழுப்பு இல்லாத மஞ்சளே கடுகாகத் தெரிகிறது. மார்த்தாண்டம் அன்பர் சொன்ன தகட்டுப் படத்தை இதற்குப்பின் மிக மெல்லியதாகப் படியவிடலாம். அது மேட்டின் வேலையைச் செய்யாது.

முகத்தில் எந்த வடிகட்டியும் உதவாது. Posterize நிழலை அகற்றுவதில்லை, படிகளாக வெட்டுகிறது. நிலைகளைக் கூட்டினால் மறுபடி புகைப்படமாகிவிடும். படத்தை மங்கலாக அடியில் வைத்து, பாதைக் கருவியால் புறக்கோடு எடுத்து, ஒரே தோல் நிறத்தை நிரப்பி, கோட்டுக்கு உட்புறமாக இரு பக்கமும் ஒரே அளவு சற்றே அடர்ந்த நிறத்தை மென்மையாகத் தடவுங்கள். இந்த உருவத்துக்கு ஒளித்திசை கிடையாது. தங்கத்துக்கு மட்டுமே உண்டு.

கேட்டவர் (நாகர்கோவில்)

மிக்க நன்றி ஐயா. வரிசையை மாற்றியதும் நான்கு மூலைகளும் ஒன்றாக எழும்பிவிட்டன. முகமும் தட்டையாகிவிட்டது, ஆனால் அக்கா மகனின் சாயல் குறைந்துவிட்டது. அச்சுக்குப் பளபளப்புத் தாள் நல்லதா, மங்கல் தாளா?

மறுமொழி (சுசீந்திரம்)

சாயல் புருவ வளைவிலும் உதட்டோரத்திலும் இருக்கிறது. அந்தக் கோடுகளைப் புகைப்படத்தில் உள்ளபடியே எடுத்து, கண்ணை மட்டும் பெரிதாக்குங்கள். மங்கல் தாளில் கரும்பழுப்பு வெளுத்துத் தங்கம் மறுபடி மங்கிவிடும் என்பதால், நான் பளபளப்புத் தாளையே எடுப்பேன்.

மறுமொழி (மார்த்தாண்டம்)

பளபளப்புத் தாளைக் கண்ணாடிச் சட்டத்தில் இட்டால் சன்னல் வெளிச்சம் மொத்தமும் அதில் தெரியும். மங்கல் தாளில் அச்சிட்டு, சட்டத்தின் மேடுகளில் மட்டும் கையால் தங்க நிறத் தாள் ஒட்டுவதே எனக்குச் சரியாகப் படுகிறது.

கேட்டவர் (நாகர்கோவில்)

மேல் இடது மூலையை மட்டும் இரண்டு தாளிலும் சிறிதாக அச்சிட்டு, அக்கா வீட்டுக் கூடத்தில் மாட்டிப் பார்த்த பிறகு முடிவு செய்கிறேன்.