இண்டக்‌ஷன் அடுப்பு வாங்க யோசனை வேண்டும்

வணக்கம் அக்கா, அண்ணன்மார்களே. செந்தூலில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் காண்டோவில் கேஸ் தோம்பு வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள், அதனால் ஒற்றை இண்டக்‌ஷன் அடுப்பு பார்க்கிறேன். 2000 வாட் என்றால் 230 வோல்ட்டில் 9 ஆம்பியருக்குள்தான் இழுக்கும், 13 ஆம்பியர் பிளக் தாங்கும். ஆனால் அதே எக்ஸ்டென்ஷனில் 2000 வாட் கெட்டிலும் ஓடினால் 17 ஆம்பியரைத் தாண்டும், ஆகவே சுவர் சாக்கெட்டில் தனியாகத்தான் போடுவேன்.

என் கவலை சிறு தீதான். பல மாடல்களில் 300 வாட் என்று வைத்தாலும் உள்ளே 1000 வாட்டுக்கு மேல் சில வினாடி ஓடி, நின்று, மறுபடி ஓடுகிறது. பால் பொங்கி அடங்கி மறுபடி பொங்கும், பருப்பு அடிபிடிக்கும். நிற்காமல் மெல்லிய சூடு தரும் மாடல் யாராவது வைத்திருக்கிறீர்களா? கடையில் கொஞ்சம் தண்ணீரைக் குறைந்த வாட்டில் வைத்துப் பாருங்கள், கொதி விட்டு விட்டு வந்தால் அது நின்று நின்று ஓடும் ரகம்தான்.

அப்புறம் பாத்திரம், அடியில் காந்தம் ஒட்டினால்தான் இந்த அடுப்பில் சூடாகும். தோசைக்கல்லில் காந்தம் ஒட்டுகிறது, அலுமினியச் சட்டியில் ஒட்டவில்லை, அது போகட்டும். பால் காய்ச்சும் எவர்சில்வர் பாத்திரத்தில் ஒட்டினாலும் அடி 10 செ.மீ.தான், அடுப்பு அதைக் கண்டுகொள்ளுமா? வீட்டில் 3 வயதுப் பிள்ளை, சைல்டு லாக் கட்டாயம் வேண்டும்.