அம்மா சிங்கப்பூர் போகும் 12 நாள்: எந்த ரிமைண்டரை நிறுத்துவது?

*குழு: பெரிய வீடு. ஞாயிறு, நவம்பர் 1*

மீனா (மாலை 6:12): எல்லாருக்கும் ஒரு கேள்வி. அம்மா புதன்கிழமை 4ஆம் தேதி வித்யா வீட்டுக்குக் கிளம்புறாங்க, 15 காலைல மதுரை வந்துடுவாங்க. அவங்க போன்ல நாங்க வெச்ச ரிமைண்டர் அஞ்சு இருக்கு. தைராய்டு மாத்திரை காலை 6, வாக்கிங் 6:15, சர்க்கரை மாத்திரை டிபனுக்கு அப்புறம் 8:30, முட்டிப் பயிற்சி மாலை 5, ஞாயித்துக்கிழமை மட்டும் வைட்டமின் டி. அங்க போய் இதெல்லாம் அடிச்சுக்கிட்டே இருந்தா கடுப்பாகி மொத்தமா ஆஃப் பண்ணிடுவாங்க. போன வருஷம் அப்படித்தான் ஆச்சு. வந்து ரெண்டு மாசம் வாக்கிங்கே இல்ல.

பாலு மாமா (6:15): தீபாவளிக்கு மெசேஜ் குவியும்மா. குழுவை ம்யூட் பண்ணிடச் சொல்லு. 8 மணி நேரம், ஒரு வாரம், எப்பவும்னு மூணு இருக்கு.

மீனா (6:16): வாட்ஸ்அப் இல்ல மாமா. மருந்து, வாக்கிங் ரிமைண்டர்.

கார்த்தி (6:18): அக்கா, இதுக்கு இவ்ளோ யோசிக்கணுமா? DND போட்டுட்டா எதுவும் அடிக்காது. வந்ததும் எடுத்துடலாம்.

செல்வி சித்தி (6:24): கார்த்தி, அது பாதிதான் சரி. DND போட்டாலும் கடிகார ஆப்ல வெச்ச அலாரம் வழக்கமா அடிக்கும். காலண்டர்ல வெச்சதுதான் சத்தமில்லாம போகும். அப்போ நிறுத்த நினைச்சது, நிறுத்தக் கூடாதது ரெண்டும் எது எங்க இருக்குங்கறதைப் பொறுத்து தாறுமாறா ஆயிடும். அதோட "வந்ததும் எடுத்துடலாம்"கறதைத்தான் எல்லாரும் மறக்கறது. மீனா, எது எந்த ஆப்ல இருக்குன்னு முதல்ல சொல்லு.

மீனா (6:27): மாத்திரை ரெண்டும் கடிகார அலாரம். வாக்கிங், முட்டி, வைட்டமின் டி மூணும் கூகுள் காலண்டர்.

செல்வி சித்தி (6:33): நல்லதாப் போச்சு. மாத்திரை ரெண்டையும் தொடவே வேண்டாம். கடிகார அலாரம் போன் எந்த ஊர்ல இருக்கோ அந்த ஊர் நேரத்துக்கு அடிக்கும். சிங்கப்பூர் நமக்கு ரெண்டரை மணி நேரம் முன்னாடி. அங்க காலை 6ன்னா நமக்கு 3:30. தைராய்டு மருந்து உடம்புல பாதியாக் குறையவே கிட்டத்தட்ட ஒரு வாரம் ஆகும், அதனால ரெண்டரை மணி நேர வித்தியாசம் ஒண்ணும் பண்ணாது. வெறும் வயித்துல, காபிக்கு அரை மணி முன்னாடிங்கறது மட்டும் மாறக் கூடாது. சர்க்கரை மாத்திரை சாப்பாட்டோட போறது. வித்யா வீட்ல டிபன் 9:30க்குன்னா அலாரத்தை 9:30க்கு மாத்தி வை, நிறுத்தாதே.

காலண்டர்ல இருக்கறது வேற மாதிரி. அது நம்ம ஊர் நேரத்தைப் பிடிச்சுக்கிட்டு இருக்கும். வாக்கிங் 6:15ங்கறது அங்க 8:45க்கு அடிக்கும், முட்டி 5 மணி அங்க 7:30க்கு. சமைச்சுக்கிட்டு இருக்கற நேரத்துல "வாக்கிங்"னு அடிச்சா தள்ளி விட்டுட்டுப் போவாங்க. மூணு நாள் பார்க்காம தள்ளினா அப்புறம் ஊருக்கு வந்தும் கை தானா தள்ளும். அக்காவுக்குப் போன வருஷம் கெட்டது அங்கதான்னு நினைக்கறேன்.

கார்த்தி (6:36): சரி, வாக்கிங்கை டெலீட் பண்ணிட்டேன் 👍 வந்ததும் புதுசா போட்டுக்கலாம்.

மீனா (6:36): டேய்!

கார்த்தி (6:37): கேட்டுச்சு, மூணு ஆப்ஷன் வந்துச்சு. All events குடுத்தேன்.

செல்வி சித்தி (6:41): பரவால்ல, திரும்ப எடுக்கலாம். கம்ப்யூட்டர்ல கூகுள் காலண்டரைத் திற, மேல பல்சக்கரத்தைத் தட்டினா Bin அல்லது Trash-னு இருக்கும். 30 நாள் வரைக்கும் அங்க கிடக்கும், அம்மா கணக்குல போய் Restore குடு. அந்த மூணு ஆப்ஷனைக் கவனிக்கணும். This event-னா அந்த ஒரு நாள் மட்டும். This and following events-னா அன்னைலேருந்து எல்லாம் போயிடும், பழசு இருக்கும். All events-னா தொடரே காலி.

கார்த்தி (6:49): வந்துடுச்சு சித்தி. இப்ப எப்படி நிறுத்தறது? என் போன் கடிகாரத்துல Pause alarm-னு தேதி குடுக்கற வசதி இருக்கு. காலண்டர்ல அப்படி ஒண்ணுமே காணோம்.

செல்வி சித்தி (6:56): காலண்டர்ல அந்த பட்டன் இல்ல. வரிசையை மாத்திச் செய். முதல்ல 16ஆம் தேதி திங்கள் காலை 6:15லேருந்து தினமும் திரும்ப வர்ற மாதிரி புது வாக்கிங் ஒண்ணு போடு. அது 16, 17 தேதில தெரியுதான்னு பார். தெரிஞ்ச பிறகு 4ஆம் தேதி புதன்ல இருக்கற பழைய வாக்கிங்கைத் திறந்து This and following events-னு டெலீட் பண்ணு. இப்போ 3 வரைக்கும் பழசு, 16லேருந்து புதுசு, நடுவுல எதுவும் இல்ல. திரும்ப ஆரம்பிக்கற தேதி இன்னைக்கே போன்ல உட்கார்ந்துடுச்சு. வந்த பிறகு யாரும் எதையும் ஞாபகம் வெச்சுக்க வேண்டாம். பழசை முதல்ல அழிச்சா புதுசு போடறது "நாளைக்கு"ன்னு போயிடும்.

15ல வேண்டாம், 16தான். ராத்திரி விமானத்துல தூங்காம வந்து இறங்கற அன்னைக்கே 6:15க்கு அடிச்சா முதல் நாளே தவறிடும்.

மீனா (7:00): புது வாக்கிங்ல அதே 40 நிமிஷமா?

செல்வி சித்தி (7:04): முதல் மூணு நாளுக்கு மட்டும் தலைப்பை மாத்து. 16, 17, 18 ஒவ்வொண்ணையும் திறந்து "தெருமுனை வரைக்கும், 10 நிமிஷம்"னு எழுதி This event குடு. 19லேருந்து 20 நிமிஷம், அடுத்த திங்கள் 23லேருந்து பழைய 40. 12 நாள் விட்ட காலுக்கு 40 நிமிஷம்னா முட்டி வலிக்கும், மறுநாள் வர மாட்டாங்க. வலி வந்துடுச்சுன்னா ரிமைண்டரைக் குறை சொல்லிப் பிரயோஜனம் இல்ல.

மீனா (7:07): முட்டிப் பயிற்சியையும் இதே மாதிரி நிறுத்திடறேன். அங்க போய் யாரு செய்யப் போறாங்க.

ஜெயா அம்மா (7:11): அதை நிறுத்தாதீங்க. நாற்காலில உட்கார்ந்து காலை நீட்டறதுதானே, அங்கயும் செய்வேன். மணி அடிச்சா எரிச்சல், அவ்வளவுதான்.

செல்வி சித்தி (7:15): அக்கா சொல்றது எனக்குப் பிடிச்சிருக்கு. 4லேருந்து 15 வரை மணியை எடுத்துட்டு சாயங்காலக் காபியோட கட்டிடலாம். டம்ளரைக் கையில எடுக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொரு காலும் 10 தடவை. வித்யா கேட்டுக்கட்டும்.

மீனா (7:17): சித்தி, பாதி நிறுத்தி பாதி வெச்சா குழம்பும்னு எனக்குத் தோணுது. பண்டிகை வீட்ல காபி எத்தனை மணிக்குன்னே தெரியாது.

செல்வி சித்தி (7:19): தெரியாதுதான். காபி மட்டும் தவறாதுன்னு நான் நினைக்கறேன். அக்காவே முடிவு பண்ணட்டும்.

கார்த்தி (7:22): வைட்டமின் டி? 8ஆம் தேதி ஞாயிறுதான் தீபாவளி.

செல்வி சித்தி (7:26): அதை மறுநாள் திங்கள் 9க்குத் தள்ளு. எண்ணெய்க் குளியல், பலகாரம், ஆளுங்கன்னு அன்னைக்கு மறந்துடும். வாரத்துக்கு ஒரு 60,000 யூனிட், ஒரு நாள் தள்ளறதால ஒண்ணும் இல்ல. மதியச் சாப்பாட்டோட போடட்டும், கொழுப்போட சேர்ந்தாத்தான் நல்லா உடம்புல சேரும். தள்ளும்போது This event-ஐயே குடு. தவறிப்போய் All events குடுத்தா தொடர் முழுக்க திங்களுக்குப் போயிடும். 15 ஞாயிறு பழையபடி ஞாயித்துக்கிழமையே வருதான்னு பார்த்துடு. அந்த வாரம் விட்டுப்போச்சேன்னு ஒரே நாள்ல ரெண்டு போட வேண்டாம்.

பாலு மாமா (7:30): எனக்கும் ஒரு சந்தேகம் வருது. ஆயுத பூஜை சமயம் எனக்கு வயிறு கெட்டுப் போச்சுல்ல. டாக்டர் சர்க்கரை மாத்திரையை ரெண்டு நாள் நிறுத்தச் சொன்னார். அலாரத்தை ஆஃப் பண்ணேன். அது இன்னும் ஆஃப்லதான் இருக்கு.

செல்வி சித்தி (7:32): அண்ணா, அன்னைலேருந்து மாத்திரையே போடலையா?

பாலு மாமா (7:34): அட்டையைப் பார்த்தேன். அன்னைக்கு இருந்த 11 மாத்திரை அப்படியே இருக்கு.

செல்வி சித்தி (7:41): அப்போ கிட்டத்தட்ட ரெண்டு வாரம். விட்டதைச் சேர்த்துப் போடாதீங்க. வீட்ல மீட்டர் இருக்குல்ல, இன்னைக்கு ராத்திரியும் நாளைக்கு வெறும் வயித்துலயும் பார்த்து எழுதி வைங்க. நாளைக்கே டாக்டருக்கு போன் பண்ணி ரெண்டு எண்ணையும் சொல்லுங்க. பழைய அளவுலயே ஆரம்பிக்கணுமான்னு அவர் சொல்லட்டும். தாகம், அடிக்கடி ஒண்ணுக்குப் போறது, மயக்கம் இருந்தா நாளைக்குன்னு இருக்காதீங்க, இன்னைக்கே பேசுங்க.

டாக்டர் சொன்னது தப்பில்ல. வாந்தி, பேதில தண்ணி இறங்காத சமயம் மெட்ஃபார்மின்ங்கற சர்க்கரை மாத்திரையை நிறுத்தச் சொல்றது வழக்கம். உடம்புல தண்ணி வத்தினா சிறுநீரகம் சரியா வேலை செய்யாது, மருந்து வெளியேறாம தேங்கும். நல்லா சாப்பிட்டு, தண்ணி குடிச்சு 24லேருந்து 48 மணி நேரம் ஆனதும் திரும்ப ஆரம்பிக்கச் சொல்வாங்க. அந்த ரெண்டாவது பாதி காதுல விழறதில்ல. இன்சுலின் போடறவங்க மட்டும் சாப்பிடலைன்னு தானா நிறுத்தவே கூடாது, அன்னைக்கே டாக்டரைக் கேட்கணும்.

மீனா (7:44): ஊருக்குப் போறதுன்னா திரும்ப வர்ற தேதி தெரியும். காய்ச்சல், பேதின்னா எப்ப சரியாகும்னு யாருக்குத் தெரியும்? எந்த தேதி போடறது?

செல்வி சித்தி (7:50): தேதி போட வேண்டாம், மீனா. அலாரத்தை ஆஃப் பண்ணாம அதோட பேரை மாத்தணும். "சர்க்கரை மாத்திரை"ன்னு இருக்கறதை "மாத்திரை நிறுத்தம், நேத்து மூணு வேளை சாப்பிட்டாரா?"ன்னு எழுதி அதே 8:30க்கு விட்டுடு. தினமும் அடிக்கும், பதில் "ஆமா"ன்னு வர்ற அன்னைக்கு டாக்டரைக் கூப்பிட்டுக் கேட்டு பேரைப் பழையபடி மாத்திடலாம். வேலையே இல்லாம அடிக்கற மணியைத்தான் மனுஷன் ஆஃப் பண்றது. கேள்வி கேக்கற மணிக்குப் பதில் சொல்லுவாங்க.

கார்த்தி (7:53): மாமா, உங்க போன்ல பேர் மாத்த இப்ப வரட்டுமா?

பாலு மாமா (7:55): வா. வரும்போது மீட்டருக்கு ஸ்ட்ரிப் ஒரு டப்பா வாங்கிட்டு வா, இங்க ரெண்டுதான் இருக்கு.

செல்வி சித்தி (7:56): டப்பால தேதி பார்த்து வாங்கு கார்த்தி. வீட்ல இருக்கற அந்த ரெண்டோட தேதியையும் பார். காலாவதி ஆன ஸ்ட்ரிப் காட்டற எண்ணை நம்பி டாக்டர்கிட்ட சொல்லிடக் கூடாது.

மீனா (8:20): வாக்கிங் 16லேருந்து போட்டாச்சு, 17ம் தெரியுது. பழசை 4லேருந்து எடுத்துட்டேன். வைட்டமின் 9க்குப் போயிடுச்சு, 15 ஞாயிறாவே இருக்கு. முட்டிதான் பாக்கி, அம்மா இன்னும் காபி நேரம் சொல்லலை.