ப்ராபபிலிட்டியில் குவியும், ஆனால் எந்தப் புள்ளியிலும் குவியாது: உங்களுக்கு இது எங்கே பிடிபட்டது?

கரும்பலகை_07

எம்.எஸ்சி. வைவா முடிந்து நான்கு வருடமாகிறது. அந்த ஐந்து நிமிடம் மட்டும் இன்னும் மனசை விட்டுப் போகவில்லை.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கேட்டார்: "X_n பூஜ்யத்துக்கு ப்ராபபிலிட்டியில் குவிகிறது. ஆல்மோஸ்ட் ஷ்யூராகவும் குவியுமா?" குவிய வேண்டியதில்லை சார் என்றேன். "ஏன்?" என்றார். அதற்கு மேல் எனக்கு வாய் வரவில்லை.

அவரே எழுந்து வந்து போர்டில் 0 முதல் 1 வரை ஒரு கோடு போட்டார். "முதலில் கோடு முழுவதும் 1. அப்புறம் இடது பாதியில் 1, அடுத்தது வலது பாதியில் 1. அப்புறம் கால் கால் பாகமாக நான்கு. அப்புறம் அரைக்கால் அரைக்காலாக எட்டு. இப்படியே இடமிருந்து வலம் போய்த் திரும்பத் திரும்ப வரும். மற்ற இடமெல்லாம் 0. சரி, ஒரு புள்ளியைச் சொல்லு." 0.3 என்றேன். "அந்தப் புள்ளியில் நின்றுகொண்டு, எந்தெந்த n-ல் 1 வருகிறது என்று எழுது."

எழுத ஆரம்பித்தேன். 1, 2, 5, 10, 20, 41, 83... பாதியிலேயே கை நின்றுவிட்டது. ஒவ்வொரு சுற்றிலும் அந்தத் துண்டு என் புள்ளியை ஒரு தடவை மிதித்துவிட்டுத்தான் போகிறது. n = 1331-ல் துண்டின் நீளம் 1/1024, அப்போதும் 0.3 அதற்குள்தான் இருக்கிறது. 0.3-க்குப் பதில் எதைச் சொல்லியிருந்தாலும் இதே கதைதான். நீளம் பூஜ்யத்தை நோக்கிப் போகிறது, அதனால் ப்ராபபிலிட்டியில் குவிகிறது. ஆனால் ஒரு புள்ளிக்குக் கூட நிம்மதி கிடையாது.

படித்தபோது துண்டின் நீளத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஒரு புள்ளியில் நின்று பார்க்கத் தோன்றவே இல்லை. உங்களில் யாருக்கு எப்போது இது பிடிபட்டது?

தாமிரபரணிக்கரை

16 வருடமாகப் பாடம் எடுக்கிறேன். அந்த ஓடும் துண்டு உதாரணம் சரியானதுதான், ஆனால் மாணவர்கள் அதை "வேண்டுமென்றே ஜோடித்தது" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அதனால் நான் லேபில் வேறொன்றைச் செய்யச் சொல்வேன். n-வது முறை 1 விழும் வாய்ப்பு 1/n, ஒவ்வொரு முறையும் தனித்தனி, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை.

```
import numpy as np
n = np.arange(1, 2_000_001)
x = np.random.rand(n.size) < 1/n
print(n[x])
```

20 லட்சம் முறையில் சராசரியாக 15 இடத்தில்தான் 1 வரும். முதல் சில வரிசையாக வந்துவிடும், அப்புறம் நீண்ட மௌனம். ஒரு மதியம் கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி, "மேம், எனக்கு 900-த்துக்கு அப்புறம் ஒன்றுமே இல்லை, குவிந்துவிட்டது" என்றாள். பட்டியலில் இன்னும் ஒரு எண் இருக்கிறதே என்று பக்கத்திலிருந்தவள் விரலை வைத்துக் காட்டினாள். 14 லட்சத்துச் சொச்சத்தில் ஒரு 1. அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன்.

உடனே போர்டில் கணக்குப் போட்டோம். 1001 முதல் 2000 வரை ஒரு 1 கூட வராமல் இருக்க வாய்ப்பு என்ன? (1000/1001) × (1001/1002) × ... × (1999/2000). அடுத்தடுத்தது அடிபட்டுப் போய், மிச்சம் 1000/2000. சரியாகப் பாதி. 10 லட்சத்துக்கு மேலிருந்து 20 லட்சம் வரை எடுத்தாலும் அதே பாதி. எவ்வளவு தூரம் போனாலும், அடுத்த இரட்டிப்புக்குள் ஒரு 1 வர பாதி வாய்ப்பு காத்திருக்கிறது. ஆக, "இதுதான் கடைசி 1" என்று எங்கேயும் கோடு கிழிக்க முடியாது.

நெட்_இரண்டாம்_முறை

எனக்கு இது நெட் பரீட்சையில் வந்தது. P(X_n = 1) = 1/n, எது சரி என்று நாலு ஆப்ஷன். இரண்டு நிமிடம் அதிலேயே போய்விட்டது, அடுத்த கேள்வியும் கையை விட்டுப் போனது.

தம்பி தங்கைகளுக்குச் சொல்கிறேன், இதற்கு இவ்வளவு கதை வேண்டாம். போரல்-காண்டெல்லி ஒன்று போதும். வாய்ப்புகளைக் கூட்டுங்கள். 1/n² மாதிரி கூட்டுத்தொகை முடிவாக வந்தால் ஆல்மோஸ்ட் ஷ்யூர். 1/n மாதிரி முடிவில்லாமல் போனால் ஆல்மோஸ்ட் ஷ்யூர் கிடையாது, ப்ராபபிலிட்டியில் மட்டும். கேள்வியைப் பார்த்ததும் முதலில் வாய்ப்பைத் தனியாக எழுதுங்கள். அடுத்து அது பூஜ்யத்துக்குப் போகிறதா பாருங்கள், போகாவிட்டால் இரண்டுமே இல்லை. அப்புறம் கூட்டுத்தொகை. 20 நொடியில் முடிந்துவிடும். பழைய தாள்களில் இந்த ஒரு வகையை மட்டும் தனியாக எடுத்து நோட்டில் எழுதி வையுங்கள். காலையில் எழுந்ததும் இரண்டு போடுங்கள், ராத்திரி இரண்டு. நிரூபணத்தை மனப்பாடம் செய்து நேரத்தை வீணாக்காதீர்கள். வகுப்பில் கேட்கும் நிரூபணம் வேறு, பரீட்சை வேறு. இரண்டாம் முறை நான் இப்படித்தான் பாஸ் ஆனேன்.

மூன்றாம்பிறை

நெட் நண்பரே, உங்கள் முதல் பாதி சரி, இரண்டாம் பாதி தப்பு. இதே நம்பிக்கையில் நானும் ஒரு முறை மாட்டியிருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

பிஎச்.டி. இரண்டாம் வருடம். மதிப்பீட்டு முறை ஒன்று குவியாது என்று "நிரூபித்து" நாலு பக்கம் எழுதிக் கொண்டுபோனேன். கைடு படித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் ஒரு காகிதத்தில் ஒரே வரி எழுதி நீட்டினார்: "U-வை 0-க்கும் 1-க்கும் நடுவில் ஒரே ஒரு தடவை எடு. U < 1/n என்றால் X_n = 1."

வாய்ப்பைப் பாருங்கள். P(X_n = 1) = 1/n. தாமிரபரணிக்கரை மேம் சொன்னதேதான், எழுத்துக்கு எழுத்து. கூட்டுத்தொகையும் முடிவில்லாமல்தான் போகிறது. இப்போது U = 0.003 என்று விழுந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். n = 333 வரை 1, 334-லிருந்து 0, அதற்கப்புறம் என்றைக்கும் 0. U சரியாகப் பூஜ்யமாக விழுந்தால் மட்டும்தான் 1 தொடரும், அதன் வாய்ப்பு பூஜ்யம். ஆகவே இது ஆல்மோஸ்ட் ஷ்யூராகவே குவிகிறது.

ஒவ்வொரு n-க்குமான வாய்ப்பைத் தனித்தனியாக எழுதிப் பார்த்தால், நிகழ்தகவில் குவிகிறதா என்று மட்டும்தான் தெரியும். ஆல்மோஸ்ட் ஷ்யூர் என்பது X_n-கள் ஒன்றோடொன்று எப்படிக் கட்டப்பட்டிருக்கின்றன என்பதைப் பொறுத்தது. அந்த நாலு பக்கத்தில் நான் கட்டைப் பார்க்கவே இல்லை. கூட்டுத்தொகை முடிவாக வந்தால் எந்தக் கட்டாக இருந்தாலும் கவலையில்லை. முடிவில்லாமல் போனால், "தனித்தனி" என்ற வார்த்தை கேள்வியில் இருக்கிறதா என்று தேடிய பிறகுதான் முடிவுக்கு வர வேண்டும்.

நெட்_இரண்டாம்_முறை

எனக்கு வந்த கேள்வியில் "தனித்தனி" என்று இருந்தது, அதனால் என் விடை சரிதான். ஆனால் U உதாரணத்தை நோட்டில் எழுதிக்கொண்டேன், நன்றி.

ஆலை_தரம்

நான் கணக்குப் படித்தவன் இல்லை, பாக்கெட் நிரப்பும் ஆலையில் தரக் கட்டுப்பாடு. ஆல்மோஸ்ட் ஷ்யூர் என்றால் 95 சதவீதம் உறுதி என்றுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த 95-ஐ நம்பித்தான் எனக்கு இடி விழுந்தது.

புது நாசில் மாட்டினோம். சராசரி 500 கிராமிலிருந்து விலகுகிறதா என்று, ஒவ்வொரு ஷிப்ட் முடிவிலும் அதுவரைக்குமான எல்லா எடையையும் சேர்த்து z கணக்குப் போடுவேன். 1.96-ஐத் தாண்டினால் லைனை நிறுத்த வேண்டும். மூன்றாவது வாரம் ராத்திரி ஷிப்டில் 2.1 காட்டியது. நிறுத்தினேன். நாசிலைக் கழற்றி மேஜையில் வைத்து டார்ச் அடித்துப் பார்த்தோம். ஒரு குறையும் இல்லை. ஆறு மணி நேர உற்பத்தி போச்சு. 95 சதவீத உறுதி எங்கே போனது?

தாமிரபரணிக்கரை

ஐயா, ஆல்மோஸ்ட் ஷ்யூர் என்பது 95-உம் இல்லை, 99.9-உம் இல்லை. வாய்ப்பு சரியாக 1. விதிவிலக்கு இருக்கலாம், ஆனால் மேலே U பூஜ்யமாக விழுவது மாதிரி, வாய்ப்பு பூஜ்யமான விதிவிலக்கு.

ஆனால் உங்கள் கதை இந்தப் பேச்சுக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது. ஏதோ ஒரு ஷிப்டை முன்கூட்டியே குறித்து அன்றைக்கு மட்டும் பார்த்தால், நாசில் சரியாக இருக்கும்போது தப்பாக நிறுத்தும் வாய்ப்பு 5 சதவீதம். நீங்கள் தினமும் பார்த்தீர்கள், தாண்டும் முதல் நாளில் நிறுத்தினீர்கள். நாசிலில் குறையே இல்லாவிட்டாலும், போதுமான நாள் பார்த்துக்கொண்டே இருந்தால் அந்த z ஒரு நாள் 1.96-ஐத் தாண்டியே தீரும். இதுதான் ஆல்மோஸ்ட் ஷ்யூராக நடப்பது. எந்தக் கோடு போட்டாலும், 3 என்றாலும் 5 என்றாலும், என்றாவது தாண்டும்.

எவ்வளவு உயரம் ஏறும் என்பதற்கும் அளவு உண்டு. நாணயச் சுண்டலுக்கு 1924-ல் கின்சின் நிரூபித்தது அதுதான். z-ஐ √(2 log log n)-ஆல் வகுத்தால், கிடைப்பது பூஜ்யத்துக்கு நிகழ்தகவில் குவியும். ஆனால் ஆல்மோஸ்ட் ஷ்யூராக ஒவ்வொரு பாதையிலும் அது திரும்பத் திரும்ப 1-க்குப் பக்கத்தில் எட்டிப் பார்த்துவிட்டு வரும். யாரும் ஜோடிக்காத எதிர் உதாரணம் வேண்டும் என்றால் இதைச் சொல்வேன். ஒரே கஷ்டம், n = 10 லட்சத்திலும் அந்த வகுக்கும் எண் 2.29-தான். அவ்வளவு மெதுவாக வளர்வதால் கணினியில் ஓட்டிக் காட்டி யாரையும் நம்பவைக்க முடியாது.

மூன்றாம்பிறை

மேம், கணிதம் முழுக்கச் சரி. ஆனால் பெரும்பாலானவர்கள் ஒரு n-ல் தரவை நிறுத்தி ஒரு அறிக்கை எழுதுகிறார்கள். அவர்களுக்கு நிகழ்தகவில் குவிவதே போதும் என்று நினைக்கிறேன். மதிப்பீட்டு முறை ஒத்திசைவானது என்று சொல்லும்போது நாம் வழக்கமாகக் கேட்பதும் அவ்வளவுதானே?

தாமிரபரணிக்கரை

ஒரு தடவை எழுதுபவர்களுக்குப் போதும். பார்த்துக்கொண்டே இருப்பவர்களுக்குப் போதாது. பெரும்பாலானவர்கள் எந்தப் பக்கம் என்பதில்தான் நாம் ஒத்துப்போகவில்லை.

கரும்பலகை_07

எனக்கு ஒரு சந்தேகம் பாக்கி. தேர்வாளர் ஏன் கோடு போட்டார்? ஒரு பகடையை வைத்தே காட்டியிருக்கலாமே?

மூன்றாம்பிறை

பகடையில் முடியாது. ஒரே ஒரு தடவை உருட்டுகிறோம், அந்த முகத்தை வைத்துத்தான் எல்லா X_n-உம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முகத்துக்கும் 1/6. X_n = 1 ஆகும் வாய்ப்பு 1/6-க்குக் கீழே இறங்கிவிட்டால், அதற்குள் ஒரு முகத்தைக்கூடத் திணிக்க இடமில்லை. அங்கிருந்து எல்லா முகத்துக்கும் 0-தான். ஆயிரம் முகம் இருந்தாலும் இதே கதி, எண்ணத்தக்க அளவில் முடிவில்லாத முகங்கள் இருந்தாலும் அவ்வளவுதான். எடையுள்ள புள்ளி ஒவ்வொன்றும் என்றாவது தப்பித்துவிடும். துண்டு எவ்வளவு சுருங்கினாலும் மிதிப்பதற்குப் புள்ளி இருக்க வேண்டுமென்றால், தனியாக எடையே இல்லாத புள்ளிகள் வேண்டும். அது கோட்டில்தான் இருக்கிறது.

ஆலை_தரம்

மேம், சூப்பர்வைசர் தினமும் சார்ட்டைப் பார்க்காமல் விடமாட்டார். பார்க்காதே என்று என்னால் சொல்ல முடியாது. தினமும் பார்ப்பவர் 1.96-க்குப் பதில் எந்தக் கோட்டைப் போட வேண்டும்? நேராகப் போகும் கோடாக இருக்குமா, நாளாக ஆக விரிந்துகொண்டே போகும் கோடாக இருக்குமா?