f(x+y) = f(x)f(y): ஒரே கணக்குக்கு இரண்டு விடை வருகிறது, உதவுங்கள்

திருமங்கலம் பிளஸ்டூ
வணக்கம். டியூஷன் தாளில் வந்த கணக்கு: எல்லா மெய்யெண்களுக்கும் f(x+y) = f(x)f(y). f வகையிடத்தக்கது. f(5) = 2, f'(0) = 3 எனில் f'(5) என்ன? விடைக்குறிப்பில் 6. எனக்கும் முதலில் அதுதான் வந்தது.

```
f'(5) = lim [f(5+h) - f(5)]/h
      = f(5) · lim [f(h) - 1]/h
      = f(5) · f'(0) = 6
```

அப்புறம், 5-க்குப் பதில் x போட்டால் சார்பே கிடைத்துவிடுமே என்று போட்டேன். f'(x) = 3f(x), f(0) = 1. ஆக f(x) = e^(3x). அப்படியானால் f'(5) = 3e^15, அதாவது 98 லட்சத்துக்கு மேல்! திருமங்கலத்தில் பஸ் ஏறி பெரியார் பஸ் ஸ்டாண்டு வருவதற்குள் மூன்று தடவை போட்டுப் பார்த்துவிட்டேன். எங்கே பிசகு?

மாட்டுத்தாவணி
தம்பி, இது நேர்கோடுதானே? f(x) = cx. f'(0) = 3 என்பதால் எல்லா இடத்திலும் 3. உன் விடை இரண்டுமே தப்பு.

திருமங்கலம் பிளஸ்டூ
அண்ணே, வலப்பக்கம் பெருக்கல்.

மாட்டுத்தாவணி
அட, ஆமாம். f(x) + f(y) என்று படித்துவிட்டேன். கண்ணாடி வீட்டில் இருக்கிறது.

உசிலம்பட்டி இன்ஜினியர்
மாறிலியை விட்டுவிட்டாய் தம்பி. f' = 3f-க்குத் தீர்வு Ce^(3x). f(5) = 2 என்று போட்டால் C = 2e^(-15). இப்போது f'(5) = 3 × 2 = 6. முடிந்தது.

மேலூர் கணக்கு டீச்சர்
முடியவில்லை சார். உங்கள் சார்பை முதல் சமன்பாட்டில் வைத்துப் பாருங்கள். இடப்பக்கம் Ce^(3x+3y), வலப்பக்கம் C²e^(3x+3y). C = C² என்றால் C 0 அல்லது 1 மட்டுமே; 2e^(-15) இரண்டும் இல்லை. f'(x) = 3f(x) என்பது சமன்பாட்டிலிருந்து வந்ததுதான், ஆனால் அதற்குப் பொருந்துவதெல்லாம் சமன்பாட்டுக்குப் பொருந்தாது.

தம்பி, நீ எங்கேயும் பிசகவில்லை. பிசகு கணக்கிலேயே இருக்கிறது. f'(0) = 3 என்று சொன்ன கணமே f(x) = e^(3x) என்று முடிவாகிவிட்டது; f(5) என்பது e^15, சுமார் 32,69,017. அதை 2 என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. இந்த இரண்டும் சேர்ந்த சார்பே கிடையாது. இல்லாத ஒன்றுக்கு ஒரு வழியில் 6-ம் வரும், இன்னொரு வழியில் 98 லட்சமும் வரும்.

நம்பிக்கை வரவில்லையென்றால் கால்குலேட்டரை எடு. f(5) = f(2.5)², அதனால் f(2.5) = √2. (அதுவே f(1.25)-இன் வர்க்கம் என்பதால் குறை எண்ணாக வராது.) 2 போட்டு √ பொத்தானைப் பத்து தடவை அமுக்கு, அது f(5/1024). அதில் 1 கழித்து, 1024-ஆல் பெருக்கி, 5-ஆல் வகு. f'(0) ஏறத்தாழ அதுதான்.

திருமங்கலம் பிளஸ்டூ
0.1387 வருகிறது டீச்சர்! 3-க்குப் பக்கத்திலேயே இல்லை.

மேலூர் கணக்கு டீச்சர்
சரியான மதிப்பு (ln 2)/5, 0.1386. அப்போது f(x) = 2^(x/5), f'(5) சுமார் 0.277.

பி.எஸ்சி. மேத்ஸ், மூன்றாம் ஆண்டு
எனக்கும் இந்தச் சார்பில் அடி விழுந்திருக்கிறது. f'/f = c, ln f = cx என்று இரண்டே வரியில் முடித்தேன். இரண்டு மார்க் போச்சு. ஏன் என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

மேலூர் கணக்கு டீச்சர்
f-ஆல் வகுத்தீர்களே, அது எங்கும் பூஜ்ஜியமாகாது என்று எழுதினீர்களா? f(a) = 0 என்றால் f(x) = f(x−a)f(a) = 0, எல்லா x-க்கும். அந்தப் பூஜ்ஜியச் சார்பும் ஒரு விடை. அதைத் தனியே சொல்லிவிட்டுத்தான் வகுக்க வேண்டும். மடக்கை எடுக்க f மிகை என்பதும் வேண்டும். எனக்குப் பிடித்தது வகுக்காத வழி: f(x)e^(-cx)-ஐ வகையிடுங்கள், பூஜ்ஜியம் வரும். அப்படியானால் அது மாறிலி, அதன் மதிப்பு f(0). f(0) = f(0)² என்பதால் 0 அல்லது 1.

இதற்கு 0-வில் மட்டும் வகையிடத்தக்கது என்றிருந்தாலே போதும். தம்பி முதலில் எழுதிய அந்த எல்லை மீதி எல்லா இடத்தையும் பார்த்துக்கொள்கிறது.

உசிலம்பட்டி இன்ஜினியர்
C = C² சரிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் பரீட்சையில் வந்தால் 6-ஐத்தான் குறிக்க வேண்டும். நான்கு விடையில் 'இப்படி ஒரு சார்பே இல்லை' என்று எவன் கொடுப்பான்?

மேலூர் கணக்கு டீச்சர்
கொள்குறி வினா என்றால் சரி. விரித்து எழுதும் தாளில் 6 எழுதிவிட்டு, கீழே ஒரு வரி e^15 பற்றியும் எழுதச் சொல்வேன்.

திருமங்கலம் பிளஸ்டூ
டியூஷன் சாரிடம் காட்டினேன். "கொடுத்ததை வைத்துப் போடுப்பா" என்கிறார். √ பத்து தடவை அமுக்கிக் காட்டியதும் கால்குலேட்டரை வாங்கி அவரே இரண்டு தடவை போட்டுப் பார்த்தார். அப்புறம் அடுத்த கணக்குக்குப் போய்விட்டார்.